விண்டோஸிலிருந்து மேக்: கன்ட்ரோலையும் கமாண்டையும் இடம் மாற்றியபின் பாதி வரி அழிந்துபோகிறது

பிழைதிருத்தி (இழையைத் தொடங்கியவர்)

பதினைந்து ஆண்டுகளாக விண்டோஸில் மட்டுமே வேலை செய்துவந்த நான், மூன்று வாரங்களுக்கு முன்பு மேக் மடிக்கணினிக்கு மாறினேன். பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பதுதான் என் தொழில். ஆகவே மௌஸைத் தொடாமல், விசைகளைக் கொண்டே சொல் சொல்லாக நகர்வதும் அழிப்பதும் நாள் முழுவதும் நடந்துகொண்டே இருக்கும்.

முதல் வாரம் பெரும் வேடிக்கையாகப் போயிற்று. பழைய கணினியில் இடப்பக்கக் கீழ்மூலையில் இருந்தது கன்ட்ரோல். இதில் அந்த மூலையில் உலக உருண்டைப் படம் போட்ட fn விசை இருக்கிறது. பழக்கதோஷத்தில் சுண்டுவிரலால் அதை அழுத்திக்கொண்டு C-ஐத் தட்டினால், நகலெடுப்பதற்குப் பதிலாகக் கன்ட்ரோல் சென்டர் திறக்கிறது. F-ஐத் தட்டினால் சாளரம் திரை முழுவதையும் நிரப்பிக்கொள்கிறது. என் தவிப்பைப் பார்த்த நண்பர் ஒருவர், System Settings → Keyboard → Keyboard Shortcuts → Modifier Keys என்ற இடத்துக்குப் போய், கன்ட்ரோலை கமாண்டாகவும் கமாண்டைக் கன்ட்ரோலாகவும் மாற்றிக் கொடுத்தார். மூலைக்கு அடுத்த விசைதானே, விரல் விரைவில் பழகிக்கொண்டது. நகலெடுப்பது, ஒட்டுவது, சேமிப்பது எல்லாம் பழையபடி வந்துவிட்டன.

அதன்பிறகுதான் உண்மையான தொல்லை தொடங்கியது. விண்டோஸில் கன்ட்ரோலுடன் பேக்ஸ்பேஸை அழுத்தினால் கர்சருக்கு முன்னால் உள்ள ஒரு சொல் மட்டும் அழியும். இங்கே அதே இரண்டு விசைகளை அழுத்தினால், கர்சரிலிருந்து வரியின் தொடக்கம் வரை உள்ள அனைத்தும் போய்விடுகிறது. மோசம் என்னவென்றால், அழிந்த உடனே பத்தி தன்னைத்தானே மடித்துச் சரிசெய்துகொள்வதால், என்ன காணாமல் போயிற்று என்பது கண்ணில் படுவதில்லை. நேற்று ஒரு கட்டுரையில் இரண்டு பத்திகள் தாண்டிய பிறகுதான், மேலே ஒரு வாக்கியம் எழுவாய் இல்லாமல் நிற்பதைக் கவனித்தேன்.

இது ஏன் நடக்கிறது? இந்த இடமாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா, நீக்கிவிடலாமா?

கணினிக்காரன்

இடமாற்றத்தை நீக்க வேண்டாம். நீங்கள் செய்திருப்பது சரியான காரியம். மேக்கில் கமாண்ட் என்பது விண்டோஸின் கன்ட்ரோலேதான். பெயர் மட்டும் வேறு. இதை மனத்தில் பதித்துக்கொண்டால் எல்லாம் முடிந்தது. மீண்டும் செய் என்பதற்கு மட்டும் Y-க்குப் பதிலாக ஷிஃப்டையும் கமாண்டையும் சேர்த்து Z-ஐ அழுத்த வேண்டும். மற்றபடி ஹோம், எண்ட் ஆகியவை மேக் மடிக்கணினியில் இல்லவே இல்லை, அவற்றை மறந்துவிடுங்கள். வரி அழிவது நீங்கள் பயன்படுத்தும் செயலியின் பிழையாக இருக்கலாம். வேறு செயலியில் முயன்று பாருங்கள்.

வரிக்கோடு

இது செயலியின் பிழை அன்று. எந்த மேக் செயலியில் முயன்றாலும் பெரும்பாலும் இதுவே நடக்கும், ஏனெனில் கமாண்டுடன் டெலிட்டை, அதாவது விண்டோஸ் பேக்ஸ்பேஸின் இடத்தில் உள்ள விசையை, அழுத்தினால் வரியின் தொடக்கம் வரை அழிக்க வேண்டும் என்பதுதான் மேக்கின் வழக்கம். 'கமாண்ட் என்பது கன்ட்ரோலேதான்' என்ற பாதி உண்மைதான் உங்கள் வாக்கியத்தின் எழுவாயை விழுங்கியிருக்கிறது.

விண்டோஸின் கன்ட்ரோல் விசை, நாம் கவனிக்காமலேயே, இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்துவந்தது. எழுத்து விசைகளுடன் சேரும்போது செயலிக்குக் கட்டளை கொடுத்தது: நகலெடு, ஒட்டு, சேமி, தேடு. அம்புக்குறி, பேக்ஸ்பேஸ் போன்றவற்றுடன் சேரும்போது கட்டளை கொடுக்கவில்லை. எழுத்து எழுத்தாக வைக்கும் அடியைச் சொல் சொல்லாகப் பெரிதாக்கிக் கொடுத்தது. மேக்கில் முதல் வேலை முழுவதும் கமாண்டுக்குப் போயிற்று. இரண்டாவது வேலையை ஆப்ஷனும் கமாண்டும் பங்கிட்டுக்கொண்டன: ஒரு சொல் தூரத்துக்கு ஆப்ஷன், ஒரு வரி தூரத்துக்கு கமாண்ட்.

'கூட்டம் நாளை மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும்' என்ற வரியில் கர்சர் 'மணிக்குத்' என்பதன் முடிவில் நிற்கிறது என்று கொள்ளுங்கள். ஆப்ஷனுடன் டெலிட்டை அழுத்தினால் 'மணிக்குத்' மட்டும் போகும். 'கூட்டம் நாளை மாலை ஐந்து தொடங்கும்' என்று மிஞ்சும். கமாண்டுடன் டெலிட்டை அழுத்தினால் 'தொடங்கும்' ஒன்றுதான் மிஞ்சும். அம்புக்குறிகளுக்கும் இதே கணக்குதான்: ஆப்ஷனும் இடது அம்பும் 'மணிக்குத்' என்பதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தும், கமாண்டும் இடது அம்பும் 'கூட்டம்' என்பதன் முன்னால் நிறுத்தும். கமாண்டுடன் மேல் அம்பு என்றால் ஆவணத்தின் தொடக்கம், கீழ் அம்பு என்றால் அதன் முடிவு. இவற்றுடன் ஷிஃப்டைச் சேர்த்துக்கொண்டால், கடந்துபோகும் பகுதி தேர்வாகும்.

வரி என்று இங்கே நான் சொல்வது, திரையில் மடிந்து தெரியும் வரியை. பத்தியின் தொடக்கம் வரை அழிந்திருந்தால் உடனே பதறியிருப்பீர்கள். மடிந்த வரியில் பாதிதான் போகிறது என்பதால், பத்தி மீண்டும் மடிந்து ஒன்றுமே நடக்காதது போல் நிற்கிறது.

ஆக, நீங்கள் செய்த இடமாற்றம் முதல் வேலையை மட்டுமே பழைய இடத்துக்குக் கொண்டுவந்தது. இரண்டாவது வேலைக்கு அது கமாண்டைக் கொண்டுவந்து வைத்திருக்கிறது. அங்கே வேண்டியதோ ஆப்ஷன்.

கணினிக்காரன் சொன்னதில் இன்னொன்றையும் திருத்த வேண்டியிருக்கிறது. மடிக்கணினியில் ஹோம், எண்ட் என்று அச்சிட்ட விசைகள் இல்லை என்பது சரி. ஆனால் fn விசையுடன் இடது அம்பு ஹோம், வலது அம்பு எண்ட். fn விசையுடன் டெலிட்டை அழுத்தினால் கர்சருக்குப் பின்னால் உள்ள எழுத்து அழியும், அதாவது விண்டோஸின் டெலிட் விசை செய்யும் வேலை.

வெளிவிசை

எனக்கும் இதே தொல்லை இருந்தது, ஆனால் என் நிலைமை சற்று வேறு. நான் மேக்கில் பழைய விண்டோஸ் விசைப்பலகையையே இணைத்துப் பயன்படுத்துகிறேன். விண்டோஸ் சின்னம் போட்ட விசையை மேக் கமாண்டாகவும், ஆல்ட்டை ஆப்ஷனாகவும் எடுத்துக்கொள்கிறது. மேக் விசைப்பலகையில் ஸ்பேஸுக்குப் பக்கத்தில் இருப்பது கமாண்ட். என்னுடையதிலோ ஸ்பேஸுக்குப் பக்கத்தில் ஆல்ட். இதனால் மடிக்கணினியில் பழகிய விரல் வெளிப்பலகையில் தடுமாறும், வெளிப்பலகையில் பழகியது மடிக்கணினியில் தடுமாறும். இரண்டு மாதங்கள் அந்த அவதியைப் பட்ட பிறகுதான், Modifier Keys பக்கத்தின் மேலே எந்த விசைப்பலகை என்று தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்று இருப்பதைக் கண்டேன். வெளிப்பலகைக்கு மட்டும் ஆப்ஷனையும் கமாண்டையும் இடம் மாற்றிவிட்டேன். மடிக்கணினியின் சொந்தப் பலகை அப்படியே இருக்கிறது. கன்ட்ரோலைத் தொடவே இல்லை.

கருந்திரை

இடமாற்றத்தை நீக்கிவிடுங்கள் என்பதே என் கட்சி. காரணம், மேக்கில் கன்ட்ரோல் சும்மா இருக்கவில்லை.

1984-இல் வந்த முதல் மெக்கின்டாஷின் விசைப்பலகையில் கமாண்டும் ஆப்ஷனும் இருந்தன. கன்ட்ரோல் இல்லை, அம்புக்குறிகள்கூட இல்லை. பின்னாளில் கன்ட்ரோல் வந்து சேர்ந்தபோது கட்டளைகள் எல்லாம் ஏற்கெனவே கமாண்டிடம் இருந்தன. அதனால்தான் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் ஓடும் நிரலை நிறுத்த கன்ட்ரோலுடன் C, எழுத்தை நகலெடுக்க கமாண்டுடன் C என்று இரண்டும் மோதாமல் இருக்கின்றன. விண்டோஸில் கருந்திரை முன் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். இடம் மாற்றிவிட்டால் இரண்டும் தலைகீழாகின்றன. நகலெடுப்பதாக நினைத்துக்கொண்டு ஓடுகிற வேலையை நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் டெர்மினல் பக்கமே போகாதவராக இருக்கலாம். அப்படியானால் இதைக் கேளுங்கள். விண்டோஸில் ஆல்ட்டை இடது கட்டைவிரலால் அழுத்தி டேபைத் தட்டிச் செயலி மாற்றுவீர்கள் அல்லவா? மேக்கில் அதே இடத்தில் கமாண்ட் இருக்கிறது, கமாண்டும் டேபும் அதே வேலையைச் செய்கின்றன. மாறி வருபவருக்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரே பழக்கம் அது. இடமாற்றம் அதைப் பறித்துக்கொள்கிறது. இப்போது உங்கள் விரல் அங்கே அழுத்துவது கன்ட்ரோலையும் டேபையும். அது உலாவியில் தாவல்களை மாற்றும்.

பிழைதிருத்தி

ஆமாம்! செயலி மாறாமல் உலாவியின் தாவல்கள் மாறிக்கொண்டே இருந்தன. அது வேறு ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன்.

கோப்புறை

அழிந்துபோனதை மீட்பது பற்றித்தானே கேட்கிறீர்கள்? டாக்கில் உள்ள குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும். எனக்கும் கமாண்டும் டெலிட்டும் சேர்ந்து கோப்பைக் குப்பைக்கு அனுப்பிவிட்டன. ஃபைண்டரில் இன்னும் பல அதிர்ச்சிகள் இருக்கின்றன: கோப்பைத் தேர்ந்தெடுத்து ரிட்டர்ன் விசையைத் தட்டினால் கோப்பு திறக்காது, பெயர் மாற்றச் சொல்லும், திறப்பதற்கு கமாண்டும் கீழ் அம்பும் வேண்டும். கோப்பை வெட்டுவதற்கு கமாண்டும் X-உம் உதவாது. முதலில் நகலெடுத்துவிட்டு, ஒட்டும் இடத்தில் ஆப்ஷனையும் கமாண்டையும் சேர்த்து V-ஐ அழுத்தினால்தான் அது இடம் பெயரும்.

வரிக்கோடு

கோப்புறை, அவர் கேட்டது கோப்பைப் பற்றி அன்று, எழுத்தைப் பற்றி. அழிந்த வரி குப்பைத்தொட்டிக்குப் போகாது. கமாண்டும் Z-உம்தான் அதற்குக் கதி. ஆனால் நீங்கள் சொன்னதில் ஓர் எச்சரிக்கை ஒளிந்திருக்கிறது: ஒரே இணை எழுத்தில் வரியையும் ஃபைண்டரில் கோப்பையும் அகற்றுகிறது.

பிழைதிருத்திக்கு என் யோசனை இதுதான். இடமாற்றத்தை நீக்குங்கள். கமாண்டைச் சுண்டுவிரலால் தேடாதீர்கள். அது ஸ்பேஸுக்கு ஒட்டி இருப்பது கட்டைவிரலுக்காக. இடது கட்டைவிரலைச் சற்று உள்ளே மடித்தால் அதன் மேல் விழும், C-உம் V-உம் ஆள்காட்டி விரலுக்கு எட்டும். ஆப்ஷனையும் அம்பையும் மட்டும் ஒரு வாரத்துக்கு மனமறிந்து பழகுங்கள். அந்த ஒரு வாரத்தில் கன்ட்ரோலும் இடது அம்பும் கைதவறி விழும். திரை முழுவதும் பக்கவாட்டில் வழுக்கி அடுத்த டெஸ்க்டாப்புக்குப் போய்விடும். பயப்பட வேண்டாம், கன்ட்ரோலும் வலது அம்பும் திரும்ப அழைத்துவரும். அந்த வழுக்கல் எரிச்சலூட்டினால், Keyboard Shortcuts பட்டியலில் Mission Control என்ற பகுதியில் அதன் குறியை எடுத்துவிடலாம். எடுத்துவிட்டால் திரை வழுக்காது என்பது ஒன்றே லாபம். சொல்லைத் தாண்டும் வேலையை அது செய்யப்போவதில்லை.

பிழைதிருத்தி

எட்டு நாட்கள் கழித்து எழுதுகிறேன். இடமாற்றத்தை அன்றே நீக்கிவிட்டேன். கட்டைவிரல் நான்காம் நாளில் படிந்தது; ஆப்ஷன் இன்னும் பத்துக்கு இரண்டு முறை தவறுகிறது. வரி அழிவது நின்றுவிட்டது.

இப்போது புதிதாக இரண்டு சந்தேகங்கள். முதலாவது, ஒரு சொல்லின் தொடக்கத்தில் நின்று ஆப்ஷனையும் ஷிஃப்டையும் அழுத்தி வலது அம்பைத் தட்டி, தேர்வான சொல்லை அழித்தால், அந்த இடத்தில் இரட்டை இடைவெளி மிஞ்சுகிறது. விண்டோஸில் இப்படி நடந்ததாக நினைவில்லை. இரண்டாவது, அலுவலகத்தில் முழு நீள வெளிப்பலகை கொடுத்திருக்கிறார்கள். அதில் ஹோம் விசை இருக்கிறது. அதை அழுத்தினால் பக்கம் மேலே ஓடுகிறது, ஆனால் கர்சர் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தட்டச்சு செய்யத் தொடங்கினால் பக்கம் மீண்டும் கீழே குதிக்கிறது.

வரிக்கோடு

முதலாவதை நீங்கள் கவனித்ததே பெரிது. ஆண்டுக்கணக்கில் மேக்கில் எழுதுபவர்கள்கூட இரட்டை இடைவெளியை எண்ணித் திகைப்பார்கள். விண்டோஸில் வலப்பக்கம் ஒரு சொல் தாண்டினால் கர்சர் அடுத்த சொல்லின் தொடக்கத்தில் போய் நிற்கும். ஆகவே இடைவெளியும் தேர்வுக்குள் வந்துவிடும். மேக்கில் நடப்புச் சொல்லின் முடிவிலேயே நின்றுவிடும். இடைவெளி வெளியே தங்கிவிடும். எனவே நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். அழிக்க வேண்டிய சொல்லின் தொடக்கத்தில் நிற்காமல், அதற்கு முந்திய சொல்லின் முடிவில் நின்று வலப்பக்கம் தேர்ந்தெடுத்தால், முன்னால் உள்ள இடைவெளியும் சொல்லும் சேர்ந்து தேர்வாகும். அழித்தபின் ஒற்றை இடைவெளிதான் மிஞ்சும். மேக்கில் வலப்பக்கம் தாண்டும்போதெல்லாம் கர்சர் இயல்பாகவே சொல் முடிவில்தான் நிற்கும் என்பதால், இது பழகக் கடினமானதன்று.

இரண்டாவது, மேக்கில் ஹோம், எண்ட் ஆகியவை பார்வையை நகர்த்துபவை, கர்சரை அன்று. உங்கள் home கோப்புறையில் உள்ள Library என்பதற்குள் KeyBindings என்ற கோப்புறையை உருவாக்கி, அதில் DefaultKeyBinding.dict என்ற பெயரில் கீழ்க்கண்டதை வெற்று எழுத்துக் கோப்பாகச் சேமியுங்கள்:

```
{
  "\UF729"  = "moveToBeginningOfLine:";
  "\UF72B"  = "moveToEndOfLine:";
  "$\UF729" = "moveToBeginningOfLineAndModifySelection:";
  "$\UF72B" = "moveToEndOfLineAndModifySelection:";
}
```

முதல் இரண்டு வரிகள் ஹோமுக்கும் எண்டுக்கும். டாலர் குறி உள்ளவை ஷிஃப்டுடன் தேர்ந்தெடுப்பதற்கு. Library கோப்புறை வழக்கமாக மறைந்திருக்கும். ஃபைண்டரின் Go பட்டியலைத் திறந்து ஆப்ஷனை அழுத்திப் பிடித்தால் அது தலைகாட்டும். திறந்திருக்கும் செயலியை மூடித் திறந்தால்தான் மாற்றம் செல்லுபடியாகும். கமாண்டும் W-உம் சாளரத்தை மட்டும் மூடும், செயலி பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே கமாண்டும் Q-உம் கொண்டு முழுவதும் வெளியேறுங்கள். Q-உம் W-உம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது யாருக்கு வந்த யோசனையோ, அதைப் பற்றி ஒரு தனி இழையே தொடங்கலாம்.

கணினிக்காரன்

நான் சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். சொல்லுக்கு ஆப்ஷன் என்பது எனக்கே தெரியாது. இத்தனை நாளும் மௌஸால்தான் சொற்களைத் தேர்ந்தெடுத்துவந்திருக்கிறேன்.

இருபலகை

எல்லாரும் இடமாற்றத்தை நீக்கு என்றே சொல்கிறீர்கள், நான் உடன்படவில்லை. நான் காலையில் விண்டோஸ், மாலையில் மேக் என்று நாள்தோறும் இரண்டிலும் வேலை செய்பவன். உங்கள் யோசனை ஒரே கணினியோடு இருப்பவருக்குப் பொருந்தும். கட்டைவிரலால் கமாண்டை அழுத்தப் பழகியவன் மறுநாள் காலையில் விண்டோஸின் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு C-ஐத் தட்டுவான். ஒன்று நடக்காது, அல்லது ஏதோ ஒரு பட்டியல் திறக்கும். எனக்கு இரண்டு பலகையும் ஒன்றாக இருந்தால்தான் பிழைப்பு.

அதற்காக Modifier Keys பக்கத்தை நம்பவில்லை. கராபைனர் எலிமென்ட்ஸ் என்ற இலவசச் செயலியைப் பயன்படுத்துகிறேன். அந்தப் பக்கம் ஒரு விசை முழுவதையும் இன்னொன்றாக்கும். கராபைனரோ இணை இணையாக மாற்றும். கன்ட்ரோலும் C-உம் சேர்ந்தால் கமாண்டும் C-உம் ஆக்கு, ஆனால் கன்ட்ரோலும் இடது அம்பும் சேர்ந்தால் ஆப்ஷனும் இடது அம்பும் ஆக்கு, டெர்மினல் முன்னால் இருக்கும்போது எதையும் தொடாதே என்று தனித்தனியாகச் சொல்லிவைக்கலாம். கன்ட்ரோலும் பேக்ஸ்பேஸும் எனக்கு ஒரு சொல்லைத்தான் அழிக்கின்றன. கமாண்டும் டேபும் கட்டைவிரலடியில் அப்படியே இருக்கின்றன.

கருந்திரை

டெஸ்க்டாப் மாற்றுவதற்கு என்ன செய்கிறீர்கள்? கன்ட்ரோலும் அம்பும் இப்போது சொல் தாண்டப் போய்விட்டனவே. வரியின் தொடக்கத்துக்குப் போகும் கன்ட்ரோலும் A-உம் உங்களிடம் அனைத்தையும் தேர்ந்தெடுக்குமே. பிறகு ஒரு விசையைத் தட்டினால் ஆவணம் முழுவதும் போய்விடாதா?

இருபலகை

டெஸ்க்டாப்பை மூன்று விரல்களால் டிராக்பேடில் தள்ளி மாற்றுகிறேன். கன்ட்ரோலும் A-உம் வரித்தொடக்கம் என்ற வழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆகவே இழப்பு இல்லை. ஆனால் மற்றவர் மேக்கில் உட்கார்ந்தால் என் கை ஊமையாகிவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். புதிய இணை ஒவ்வொன்றையும் நானே எழுதிச் சேர்க்க வேண்டியிருப்பதும் ஒரு வேலைதான்.

வரிக்கோடு

கருந்திரை சொன்னதில் ஒரு சிறு திருத்தம்: கன்ட்ரோலும் A-உம் போவது திரையில் தெரியும் வரியின் தொடக்கத்துக்கு அன்று, பத்தியின் தொடக்கத்துக்கு. மடியாத ஒற்றை வரியில் இரண்டும் ஒன்றே என்பதால் டெர்மினல்காரர்களுக்கு வேறுபாடு தெரிவதில்லை. பிழைதிருத்தி போன்று நீண்ட பத்திகளில் வேலை செய்பவருக்கு இது கைகொடுக்கும்: கமாண்டும் இடது அம்பும் மடிந்த வரிக்கு, கன்ட்ரோலும் A-உம் பத்திக்கு.

பிழைதிருத்தி

பத்திக்குத் தாவுவது நன்றாக வேலை செய்கிறது. இதற்கு விண்டோஸில் இத்தனை எளிதான ஒன்றை நான் வைத்திருக்கவில்லை. ஹோம் விசைக்கான கோப்பையும் இட்டுவிட்டேன். குறிப்பேட்டிலும் மின்னஞ்சலிலும் கர்சர் வரியின் தொடக்கத்துக்கு ஒழுங்காகப் போகிறது. கட்டுரைகளைத் திருத்தும் செயலியில் மட்டும் எந்த மாற்றமும் இல்லை. இரண்டு முறை முழுவதும் மூடித் திறந்தும் பார்த்துவிட்டேன்.

வரிக்கோடு

அந்தச் செயலி எழுத்துப் பகுதியை மேக்கிடம் கேட்டு வாங்காமல் தானே வரைந்துகொள்வதாக இருக்கும். அப்படிப்பட்டவை இந்தக் கோப்பைப் படிப்பதே இல்லை. சோதித்துப் பார்க்க எளிய வழி, அதில் கன்ட்ரோலையும் T-ஐயும் அழுத்துவது. கர்சரின் இருபுறமும் உள்ள எழுத்துகள் இடம் மாறினால் அது மேக்கின் எழுத்துப் பகுதியாக இருக்க வாய்ப்பு அதிகம். மாறாவிட்டால் செயலியின் சொந்த அமைப்புகளில்தான் ஹோமைத் தேட வேண்டும்.

பிழைதிருத்தி

மாறவில்லை. ஒரு புதிய தாவல் திறந்தது.